2022 குறுவை ஏன் வெளிறித் தெரிகிறது: என்.டி.வி.ஐ. கணக்கும் மேகமும்

கேள்வி: காவிரி டெல்டாவில் 2021 குறுவையையும் 2022 குறுவையையும் செண்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்து, பயிரின் பச்சையைக் காட்டும் என்.டி.வி.ஐ. எண்ணைப் போட்டு ஒப்பிட்டேன். 2022-ல் எல்லா இடத்திலும் பயிர் குறைந்து காட்டுகிறது. ஆனால் அந்த வருஷம் தண்ணீர் முன்னதாகவே வந்தது, பயிர் நன்றாகத்தான் இருந்தது என்கிறார்கள். மேகத்தைப் படத்தோடு வரும் `SCL` பட்டையை வைத்து எடுத்துவிட்டேன். எங்கே தப்பு? அடுத்து சம்பாவையும் இதே மாதிரி ஒப்பிட வேண்டும்.

பதில்:

மேகத்துக்குப் பிறகு வருவோம். முதலில் நீங்கள் இறக்கிய கோப்புகளின் பெயரைப் பாருங்கள். அதில் `N0301`, `N0400` என்பது போல N-ல் தொடங்கும் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமை அந்தப் படத்தை எந்தப் பதிப்பில் பதப்படுத்தியது என்பதைச் சொல்வது அது. 2022 ஜனவரி 25-ல் 04.00 பதிப்பு நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பிக்சலின் எண்ணோடும் 1000-ஐக் கூட்டித்தான் கோப்பில் எழுதுகிறார்கள். நிழல், ஆழமான நீர் போன்ற இருண்ட இடங்களில் வளிமண்டலத் திருத்தத்துக்குப் பிறகு மதிப்பு சுழிக்குக் கீழே போகலாம். கோப்பில் குறை எண் எழுத வழியில்லை என்பதால் முன்பெல்லாம் அவை வெட்டுப்பட்டன. இப்போது எல்லாவற்றையும் மேலே தூக்கிவைத்து எழுதுகிறார்கள். படிக்கும்போது அந்த ஆயிரத்தை நாம்தான் கழிக்க வேண்டும்.

உங்கள் 2021 படங்கள் பழைய பதிப்பிலும் 2022 படங்கள் புதிய பதிப்பிலும் இருந்து, இரண்டையும் வெறுமனே 10000-ஆல் வகுத்துப் பிரதிபலிப்பு விகிதமாக்கியிருந்தால், நீங்கள் சொல்லும் சரிவு அப்படியே வரும். ஒரு பிக்சலை வைத்துப் பார்த்துவிடுவோம்.

```
NDVI = (NIR - Red) / (NIR + Red)
```

செண்டினல்-2-ல் சிவப்புக்கு `B4`, அண்மை அகச்சிவப்புக்கு `B8`. இரண்டும் 10 மீட்டர் பிக்சல். இலையில் உள்ள பச்சையம் சிவப்பை விழுங்கிவிடும். இலையின் உள் அடுக்குகள் அண்மை அகச்சிவப்பைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். நன்கு தூர் கட்டி மூடிய நெல் வயலில் சிவப்பு 0.04, அண்மை அகச்சிவப்பு 0.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.36, கூட்டுத்தொகை 0.44, விடை 0.82.

அதே வயல், அதே பயிர், புதிய பதிப்புக் கோப்பு. கழிக்காமல் விட்டால் சிவப்பு 0.14, அண்மை அகச்சிவப்பு 0.50. வித்தியாசம் மாறவில்லை, அதே 0.36. கூட்டுத்தொகை மட்டும் 0.64 ஆகிவிட்டது. விடை 0.56. பயிருக்கு ஒன்றும் ஆகாமலேயே கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

இதில் வம்பு என்னவென்றால், வெறும் மண்ணில் இந்தத் தவறு தெரியாது. காய்ந்த வயலில் சிவப்பு 0.20, அண்மை அகச்சிவப்பு 0.26 என்றால் சரியான விடை 0.13, தவறான விடை 0.09. வரைபடத்தில் கண்ணுக்கே படாது. பச்சை எங்கே அடர்த்தியோ அங்கேதான் பெரிய சரிவு விழும். ஆகவே பார்ப்பவருக்கு “தரிசெல்லாம் அப்படியே இருக்கிறது, பயிர் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது” என்று, நம்பும்படியாகவே படம் வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் பெரிதாக மாறாத ஒரு பச்சையை ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்டாவின் வட ஓரத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. அதன் விளிம்பில் ஓதம் ஏறி இறங்கும், அதை விட்டுவிட்டு உள்ளே அடர்ந்த பகுதியில் சில பிக்சல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் வராததும் அந்தக் காட்டைப் பெரிதாகத் தொடாது. அங்கேயும் 2022-ல் 0.2 அளவுக்கு இறங்கியிருந்தால் சந்தேகம் வேண்டாம், கோளாறு வயலில் இல்லை, கணக்கில்.

படம் எடுத்த தேதியை மட்டும் வைத்து எது பழையது, எது புதியது என்று முடிவு செய்யாதீர்கள். பழைய ஆண்டுப் படங்களையும் பின்னாளில் புதிய பதிப்பில் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றிலும் ஆயிரம் கூடியிருக்கும். பெயரில் `N0400` அல்லது அதற்கு மேலான எண் இருக்கிறதா, கோப்போடு வரும் `MTD_MSIL2A.xml`-ல் `BOA_ADD_OFFSET` என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. கூகுள் எர்த் எஞ்சினில் செய்தால் `COPERNICUS/S2_SR_HARMONIZED` தொகுப்பை எடுங்கள். அதில் புதிய படங்களைப் பழைய அளவுக்கே இறக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். `HARMONIZED` இல்லாத தொகுப்பை எடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கோளாறு வரும்.

கோப்பை இறக்கி பைத்தானில் செய்பவர்கள் புதிய பதிப்புக் கோப்புக்கு இப்படி எழுதலாம், பழைய பதிப்பென்றால் `- 1000` வேண்டாம்:

```python
ok  = (b4 > 0) & (b8 > 0)
red = (b4.astype('float32') - 1000) / 10000
nir = (b8.astype('float32') - 1000) / 10000
ok &= (nir + red) > 0.02
ndvi = np.where(ok, (nir - red) / (nir + red), np.nan)
```

`astype` அலங்காரத்துக்கு இல்லை. கோப்பில் இருப்பது குறியில்லா முழு எண். `b8 - b4` என்று நேரடியாகக் கழித்தால், நீர் நிற்கும் இடத்தில் 300-லிருந்து 500 போய் −200 வருவதற்குப் பதில் 65336 வரும். குளமும் ஆறும் மட்டும் கண்ணைப் பறிக்கும் பச்சையில் தெரிந்தால் இதுதான் காரணம். கோப்பில் சுழி என்றால் அங்கே தரவே இல்லை என்று பொருள், அதனால் ஆயிரத்தைக் கழிக்கும் முன்பே அதை ஒதுக்கிவிட வேண்டும். நான்காம் வரி இருண்ட நீருக்காக. கூட்டுத்தொகை சுழியை நெருங்கினால் விடை 1-ஐத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும்.

இனி மேகம். மேலே ஆயிரத்துக்கு நடந்த அதே கணக்குதான் இங்கேயும் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். மெல்லிய மேகம் சிவப்பிலும் அண்மை அகச்சிவப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்தைக் கூட்டுகிறது. நம் வயலின் மேல் 0.06 கூடியதாக வைத்தால் 0.10, 0.46 ஆகி, விடை 0.64. படத்தைச் சாதாரண நிறத்தில் பார்த்தால் அந்த மேகம் கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட மாட்டாது, லேசான பால் பூத்த மாதிரி இருக்கும். கனத்த மேகமோ சிவப்பு 0.60, அண்மை அகச்சிவப்பு 0.62 என்று வந்து விடையைச் சுழியில் உட்கார வைத்துவிடும். எனக்குக் கனத்த மேகத்தைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. சுழி என்பது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். 0.82-ஐ 0.64 ஆக்கிவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருக்கிறதே மெல்லிய மேகம், ஒப்பீட்டைக் கெடுப்பது அதுதான். 0.64 என்பதும் நெல்லுக்கு வரக்கூடிய எண்ணே என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

நிழல் வேறு ரகம். அங்கே நேர் வெயில் இல்லை, வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி மட்டும். ஆனால் திருத்தம் செய்யும் மென்பொருள் முழு வெயில் விழுகிறது என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. இரண்டு எண்ணும் மிகச் சிறியதாகிவிடுவதால் விடை நிலையில்லாமல் ஆடும். பெரும்பாலும் குறையும். சிவப்பு சுழியை ஒட்டிப் போய்விட்டால் செயற்கையாக ஏறவும் செய்யும். இதைப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் பயன்படுத்திய `SCL` பட்டை 20 மீட்டர் பிக்சலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை எண் தருகிறது. 8, 9 மேகம், 10 மெல்லிய உயர்மேகம், 3 மேக நிழல், 4 பயிர்பச்சை, 5 வெறும் நிலம், 6 நீர். 3, 8, 9, 10 நான்கையும் நீக்கினால் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். டெல்டாவில் அது இரண்டு இடத்தில் உதைக்கும்.

ஒன்று, பளிச்சென்ற தரை. வேதாரண்யம் உப்பளங்களை அது மேகம் என்று அடிக்கடி எழுதும். கடற்கரை மணல், பெரிய தகரக் கூரை எல்லாம் இதில் சேரும். உப்பளத்தில் யாரும் நெல் பார்க்கப் போவதில்லை என்பது சரிதான். ஆனால் மாவட்ட அளவில் “மேகம் எத்தனை சதவீதம்” என்று கணக்கிட்டால் அது நுழைந்துவிடும். கண்டுபிடிப்பது சுலபம். பிப்ரவரி, மார்ச் மாதப் படங்களை எடுத்து, ஒவ்வொரு பிக்சலும் எத்தனை தடவை மேகம் என்று குறிக்கப்பட்டது என்று எண்ணி வரைபடமாகப் போடுங்கள். உண்மையான மேகம் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வரைபடம் மழுங்கலாக வரும். கூர்மையான விளிம்போடு செவ்வகமாக ஏதாவது தெரிந்தால் அது மேகமில்லை.

இரண்டாவது, இதைவிடப் பெரிய வில்லங்கம்: தண்ணீர் கட்டிய வயல். சேற்று உழவு முடிந்து நடவுக்குத் தண்ணீர் நிற்கும் வயல் மேலிருந்து பார்த்தால் இருட்டாக இருக்கும். அதை ஒரு தேதியில் நீர் என்றும், இன்னொரு தேதியில் நிழல் என்றும் `SCL` எழுதக்கூடும். நிழலென்று நீக்கிவிட்டால், பருவம் முழுவதற்குமான நெல்லின் என்.டி.வி.ஐ. கோட்டில் இருக்கும் மிக முக்கியமான புள்ளி போய்விடுகிறது. நடவு சமயத்துப் பள்ளம் அது. அந்தப் பள்ளம் இல்லாமல் பயிர் என்றைக்கு ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. அதுதான் அடுத்து நமக்குத் தேவைப்படப் போகிறது.

உண்மையான நிழலா, தண்ணீரா என்று சூரியனை வைத்துச் சரிபார்க்கலாம். செண்டினல்-2 நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை மணியை ஒட்டி. ஜூன் மாதத்தில் தஞ்சாவூரின் அட்சரேகையில் அந்த நேரத்துச் சூரியன் வடகிழக்கில், நல்ல உயரத்தில் இருக்கும். ஆகவே நிழல் மேகத்துக்குத் தென்மேற்கில் விழும். ஒன்றரைக் கிலோமீட்டர் உயர மேகத்துக்கு ஏறக்குறைய 700 மீட்டர் தள்ளி. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில், தாழ்வாக. நிழல் வடமேற்கில், அதே மேகத்துக்கு 1.3 கிலோமீட்டர் வரை தள்ளி விழும். படத்தில் சூரியன் இருக்கும் பக்கமாக அந்தத் தூரத்தில் மேகமே இல்லாமல் ஒரு இருண்ட திட்டு இருந்து, அதன் விளிம்பு வரப்பு வரப்பாக வெட்டுப்பட்டிருந்தால் அது தண்ணீர்தான்.

இந்தக் காரணங்களால் நான் `SCL`-ஐ மட்டும் நம்புவதில்லை. எர்த் எஞ்சினில் செய்வதாக இருந்தால் இப்போது `Cloud Score+` எடுத்துக்கொள்வதே மேல். அது மேகம், நிழல் என்று வகை பிரிக்காது. இந்தப் பிக்சல் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று 0 முதல் 1 வரை ஒரே மதிப்பெண் தரும். அதில் `cs_cdf` என்ற பட்டை ஒவ்வொரு இடத்தையும் அதே இடத்தின் மற்ற தேதிகளோடு வைத்துப் பார்ப்பதால், எப்போதும் பளிச்சென்றிருக்கும் தரை அவ்வளவாக மாட்டிக்கொள்ளாது.

```js
var csp = ee.ImageCollection('GOOGLE/CLOUD_SCORE_PLUS/V1/S2_HARMONIZED');

function prep(img) {
  var clear = img.select('cs_cdf').gte(0.6);
  return img.normalizedDifference(['B8', 'B4']).rename('ndvi')
    .updateMask(clear)
    .copyProperties(img, ['system:time_start']);
}

var col = ee.ImageCollection('COPERNICUS/S2_SR_HARMONIZED')
  .filterBounds(aoi)
  .filterDate('2022-05-01', '2022-10-15')
  .linkCollection(csp, ['cs_cdf'])
  .map(prep);

var looks = col.count();
```

0.6 என்பது தொடங்குவதற்கு நல்ல எண். உயர்த்தினால் மெல்லிய மேகம் குறையும், நல்ல பிக்சலும் கொஞ்சம் போகும். எதை வைத்தாலும் இரண்டு வருஷத்துக்கும் ஒன்றையே வையுங்கள். கவனித்திருப்பீர்கள், `CLOUDY_PIXEL_PERCENTAGE` வைத்து 20 சதவீதத்துக்கு மேல் மேகமுள்ள படங்களைத் தள்ளும் வரியை நான் போடவில்லை. அந்த எண் 110 கிலோமீட்டர் சதுரமான முழுப் படத்துண்டுக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. அறுபது சதவீதம் மேகமுள்ள படத்தில் உங்கள் தாலுகா மட்டும் வெறிச்சென்று தெளிவாக இருக்கலாம். டெல்டாவில் கிடைப்பதே கொஞ்சம், அதைப் படம் படமாகத் தூக்கிப் போடக் கூடாது. பிக்சல் பிக்சலாகத்தான் கழிக்க வேண்டும்.

பைத்தானில் `SCL`-ஓடுதான் செய்ய வேண்டும் என்றால் இரண்டு விஷயம். 20 மீட்டரை 10 மீட்டராக்கும்போது அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுக்கும் முறையை வையுங்கள். சராசரி எடுக்கும் முறையில் 4-க்கும் 8-க்கும் நடுவில் 6 பிறந்து, மேக விளிம்பெல்லாம் நீராகிவிடும். பிறகு மேகத் திட்டுகளைச் சுற்றிலும் நூறு மீட்டராவது அகலப்படுத்துங்கள். நாம் நீக்கும் திட்டு முடிகிற கோட்டில் மேகம் முடிவதில்லை, அதன் மெல்லிய ஓரம் வெளியே நீண்டிருக்கும்.

மேலே எர்த் எஞ்சின் நிரலின் கடைசி வரியில் இருக்கும் `looks`-ஐ நிறையப் பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் மேகம் போக மிச்சமிருந்த தெளிவான பார்வைகள் எத்தனை என்பது அது. இரண்டு பருவத்தை ஒப்பிடும் முன் இரண்டின் `looks` வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏனென்று சொல்கிறேன்.

மேகம் என்.டி.வி.ஐ.-யைக் குறைக்கத்தான் செய்யும், ஆகவே பருவத்தில் வந்த மதிப்புகளில் அதிகபட்சத்தை எடுத்தால் மேகம் தானாக விலகும் என்பது பழைய உத்தி. 1980-களில் நாள்தோறும் படம் எடுத்த செயற்கைக்கோள்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஐந்து நாளுக்கு ஒரு தடவை வந்து, அதிலும் பாதி மேகத்தில் போகும் இடத்தில் அது ஏமாற்றும். ஒரே வயலில் இரண்டு வருஷமும் பயிர் அச்சு அசலாக ஒரே மாதிரி வளர்ந்தது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நட்டு 8, 33, 38, 53, 58, 78 ஆகிய நாட்களில் முதல் வருஷம் தெளிவான படம் கிடைத்தது. குறுவை ரகங்கள் நட்டு 50 நாளை ஒட்டிக் கதிர் வெளிவரும் கட்டத்தில் உச்சத்தில் இருக்கும். 53-ம் நாள் படம் அதைப் பிடித்துவிட்டது, அதிகபட்சம் 0.82. மறு வருஷம் 13, 28, 73-ம் நாட்கள் மட்டும் கிடைத்தன. 28-ல் பயிர் இன்னும் மூடவில்லை, 73-ல் பழுக்க ஆரம்பித்துவிட்டது. அதிகபட்சம் 0.66 என்று வரும். மேகம் ஒரு துளிகூட இல்லாமல் சுத்தமாக எடுத்த பிறகும் 0.16 சரிவு. பயிர் குறைந்ததால் வந்ததல்ல, பார்த்த நாட்கள் குறைந்ததால் வந்தது. இதோடு நிழலில் செயற்கையாக ஏறிய மதிப்பு ஒன்று இருந்தால், அதிகபட்சம் அதைத் தேடிப் பிடித்து எடுத்து வைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பருவத்துக்கு ஒரே ஒரு எண் என்று எடுக்காமல், பயிரின் வயதுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த என்.டி.வி.ஐ.-களின் நடு மதிப்பை, அதாவது மீடியனை எடுங்கள். என்.டி.வி.ஐ. போட்ட பிறகு மீடியன், அந்த வரிசை முக்கியம். பட்டைகளுக்குத் தனித்தனியாக மீடியன் எடுத்துவிட்டுக் கணக்கிட்டால் சிவப்பு ஒரு தேதியிலிருந்தும் அகச்சிவப்பு இன்னொரு தேதியிலிருந்தும் வந்து சேரும்.

வயது என்று சொன்னேன், தேதி என்று சொல்லவில்லை. உங்கள் இரண்டு வருஷங்களுக்கும் அங்கேதான் பெரிய வித்தியாசம். 2021-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 19 நாள் முன்னதாக. ஆகஸ்ட் கடைசி வாரத்தை இரண்டு வருஷத்திலும் எடுத்து ஒப்பிட்டால், 2021-ல் உச்சத்தில் நிற்கும் பயிரை 2022-ல் பழுத்துக்கொண்டிருக்கும் பயிரோடு ஒப்பிடுகிறீர்கள். முன்னதாக நட்டவருக்கு மதிப்பு முன்னதாகவே இறங்கும். தண்ணீர் சீக்கிரம் வந்ததே உங்கள் வரைபடத்தில் வறட்சி மாதிரித் தெரியும்.

அணை திறந்த தேதியைக் கழித்தால் சரியாகிவிடுமா என்றால், தோராயமாகத்தான். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பல நாள் ஆகும். ஃபில்டர் பாயிண்ட் போர்வெல் வைத்திருப்பவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்காமல் முன்பே நட்டுவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்து வயலிலேயே இரண்டு மூன்று வார வித்தியாசம் சர்வ சாதாரணம். அதனால் ஒவ்வொரு பிக்சலின் கோட்டிலிருந்தே தொடக்கத்தைப் பிடிப்பது நல்லது. நடவுத் தண்ணீரால் மதிப்பு அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு விடாமல் ஏறத் தொடங்குகிற இடத்தை நாள் சுழி என்று வையுங்கள். அங்கிருந்து 20 முதல் 35, 40 முதல் 60, 65 முதல் 80 நாள் என்று மூன்று கட்டம் போதும். எந்தப் பிக்சலுக்கு இரண்டு வருஷத்திலும் அந்தக் கட்டத்தில் ஒரு தெளிவான பார்வையாவது இருக்கிறதோ, அவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு வருஷத்தில் மட்டும் இருப்பவற்றைச் சேர்த்து மாவட்டச் சராசரி எடுத்தால், வேறு வேறு வயல்களின் சராசரிகளை ஒப்பிட்டதாகிவிடும். நேரடி விதைப்பு வயல்களில் நடவுப் பள்ளம் தெளிவாக வராது. அவற்றைத் தனியாக வையுங்கள், வலிந்து சேர்க்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்த பின் 40–60 நாள் கட்டத்தில் 0.03, 0.04 வித்தியாசம் மிஞ்சினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெல் வயலை முழுதாக மூடிய பிறகு என்.டி.வி.ஐ. நிரம்பிவிடும். இலை இன்னும் கூடினாலும் எண் அசையாது. விளைச்சலைப் பற்றி இந்தக் கட்டம் சொல்வதைவிட, உச்சத்துக்கு ஏற எவ்வளவு நாள் எடுத்தது, உச்சத்தில் எவ்வளவு நாள் நின்றது என்பவை அதிகம் சொல்லும்.

சம்பாவுக்கு இதை அப்படியே கொண்டுபோக முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சம்பா பயிர் தூர் கட்டுவதும் கதிர் விடுவதும் அதே மாதங்களில்தான். வானம் மூடியிருக்கும் நாட்களும் பயிர் முக்கியமாக வளரும் நாட்களும் ஒன்றாக விழுகின்றன. நவம்பர் முழுவதற்கும் ஒரு பிக்சலுக்கு ஒன்றிரண்டு பார்வை மிஞ்சினால் அதிர்ஷ்டம். குறுவைக்கு ஆறு ஏழு புள்ளிகளோடு வரும் கோட்டையும், சம்பாவுக்கு அக்டோபரில் ஒன்று, ஜனவரியில் மூன்று என்று வரும் கோட்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு “குறுவைதான் பச்சை” என்று சொல்வதில் பொருளில்லை.

இடைவெளியை நேர்கோட்டால் நிரப்புவது இருபது நாள் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் நீங்கள் வரைவது பயிரின் கோடு அல்ல. லேண்ட்சாட் 8, 9 படங்களையும் சேர்த்தால் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அது 30 மீட்டர் பிக்சல், டெல்டாவின் சிறு வயல்களில் வரப்பும் வாய்க்காலும் கலந்துவிடும். அதன் எண்களை அளவாக மாற்றும் கணக்கும் வேறு, `0.0000275` ஆல் பெருக்கி `0.2` கழிக்க வேண்டும். இதை மறந்தால் முதலில் சொன்ன ஆயிரத்தின் கதை வேறு உருவத்தில் திரும்ப வரும்.

மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது ரேடார் ஒன்றுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல் பரப்பைக் கணிக்க செண்டினல்-1 ரேடார் படங்களைப் பயன்படுத்துவதும் இதனால்தான். நடவுத் தண்ணீரை அது மழைநாளிலும் தெளிவாகக் காட்டும். ஆகவே சம்பாவுக்கு நாள் சுழியை ரேடாரிலிருந்து எடுத்து, பயிரின் பச்சையை டிசம்பர் கடைசி, ஜனவரியில் வானம் வெளுத்த பிறகு கிடைக்கும் என்.டி.வி.ஐ.-யிலிருந்து எடுக்கலாம். 2021-22 சம்பாவைச் சேர்க்கிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். செண்டினல்-1பி 2021 டிசம்பர் 23-ல் பழுதாகி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் செண்டினல்-1 வரிசையில் ஒற்றை ரேடார் கோள்தான் சுற்றியது, அதனால் அதற்கு முந்தைய, பிந்தைய சம்பாக்களில் ரேடார் படங்களின் எண்ணிக்கையையும் `looks` மாதிரியே எண்ணிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.